இரண்டரை மடங்கு

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் டெய்லர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாவது மாடியில் வீடு, கீழே தெருவைப் பார்த்த ஒற்றை ஷட்டர் கடை. புதுத் துணி தைப்பதைவிட, தைத்த துணியைச் சரிசெய்து கொடுப்பதில்தான் அவளுக்குப் பேர். இடுப்பு பிடித்த பாவாடை, தோள் இறங்கிய சட்டை, வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் பள்ளிச் சீருடை என்று எது வந்தாலும் டேப்பை வைத்து அளந்துவிட்டுத்தான் கத்திரிக்கோலைத் தொடுவாள். "கண்ணுக்கு அரை இஞ்சு மாதிரிதான் தெரியுது" என்று யாராவது சொன்னால், "கண்ணு சொல்றத நான் கேக்கறதில்ல" என்பாள்.

அவள் கணவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. முப்பது வருடம் அடுக்குமாடிக் கட்டடங்களின் இருட்டுக் குழிகளில் தொங்கிக்கொண்டு கம்பிக்கும் கப்பிக்கும் எண்ணெய் போட்டவர். தெருமுனை டீக்கடையில் அவர் பெயரே லிஃப்ட் என்று ஆகிப்போனது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டிக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் மூன்று மாடி படியேறி வீட்டுக்குப் போகிறவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மனைவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. "ஏ இஞ்சு டேப்பு, சோறு ஆச்சா?" என்பார். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

வேலையை விட்டு நின்ற சில மாதங்களிலேயே அவருக்கு அந்தப் படிகள் எதிரியாகிவிட்டன. ஒரு மாடிக்கு ஒருமுறை நின்றார். பிறகு பாதி மாடிக்கு ஒருமுறை. செருப்பு வார் பாதத்தில் பள்ளமாகப் பதிந்தது. மகள்தான் வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். அவள் ஊரின் மறுகோடியில் குடியிருந்தாள்; ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. இதயம் பலவீனமாகிவிட்டது, ரத்தத்தை முழு வேகத்தில் தள்ள முடியவில்லை, அதனால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று டாக்டர் விளக்கினார். மாத்திரைகள் எழுதினார். தினமும் காலையில் எடை பார்க்கச் சொன்னார். கடைசியாக, உப்பைக் குறைக்கச் சொன்னார்.

டெய்லர் அக்கா எவ்வளவு என்று கேட்டாள். குறைக்கச் சொன்னால் போதாது, அளவு வேண்டும் அவளுக்கு. டாக்டர் கொஞ்சம் யோசித்து, ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஐந்து கிராம் உப்பு, அதாவது டீஸ்பூனால் தலைதட்டி ஒன்றுக்கும் சற்றுக் குறைவு என்றார். அன்று விடுமுறை நாள். உணவு ஆலோசகரின் அறை பூட்டியிருந்தது. ஐந்து கிராம் என்ற ஒரு எண்ணை மட்டும் தலையில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

முதலில் அவள் அடுப்பங்கரையில்தான் கைவைத்தாள். காலையில் ஒரு கிண்ணத்தில் இருவருக்குமான உப்பை அளந்து வைத்து, அன்றைய சமையல் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே போட்டாள். லிஃப்ட்காரர் உப்புப் பிரியர். வெட்டிய ஆரஞ்சுப் பழத்தின்மேல்கூட உப்பைத் தூவிக்கொள்கிற ஆள். அவர் அந்தச் சப்பென்ற சாப்பாட்டை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். இப்போதான் காய்க்குக் காயோட ருசி தெரியுது என்றுகூட ஒரு நாள் சொன்னார். அவர் கால் வீக்கம் வடிந்தது. படிகளில் ஒரு நிறுத்தம் குறைந்தது.

ஆனால் அவளுக்கு நிம்மதி இல்லை. ஒரே சட்டியில் இரண்டு பேருக்குச் சமைக்கிறாள்; அதில் அவர் தட்டுக்குப் போனது எவ்வளவு, தன் தட்டுக்கு வந்தது எவ்வளவு? சாறு அதிகம் ஊற்றிக்கொண்டால் உப்பும் அதிகமாகப் போகுமே. பாதி என்பது ஊகம்தானே, அளவு இல்லையே. அது அவளை அரித்தது. பள்ளி திறக்கும் காலமும் அப்போதுதான் வந்தது. கடையில் சீருடைகள் மலைபோல் குவிந்தன. மதியம் மேலே ஏறிவந்து சமைக்க நேரமில்லை.

அப்படி ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில் பொட்டலங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். பொட்டலத்தின் முதுகில் பொடி எழுத்தில் சக்தி, கொழுப்பு, சர்க்கரை என்று போட்டு, கடைசியில் சோடியம் என்று ஓர் எண். உப்பில் இருப்பது சோடியம் என்பது அவள் பள்ளிக்கூடத்தில் படித்தது. ஆக, உப்பைத்தான் படித்தவர்கள் பாஷையில் சோடியம் என்று எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். சூப் பொட்டலத்தில் ஒரு கிண்ணத்துக்கு எண்ணூறு மில்லிகிராம். ரொட்டியில் துண்டு ஒன்றுக்கு நூற்றைம்பது. ஆயிரம் மில்லிகிராம் ஒரு கிராம். டாக்டர் கொடுத்தது ஐந்து கிராம். ஆகவே ஐயாயிரம் வரை போகலாம். அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. யாரோ ஆய்வுக்கூடத்தில் அளந்து, அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். தன் கைப்பக்குவத்தைவிட அது நம்பகமானது என்று அவளுக்குத் தோன்றியது.

கணக்கில் அவள் ஏமாறுகிற ஆள் இல்லை. எண் ஒரு பரிமாறலுக்கா, நூறு கிராமுக்கா, முழுப் பொட்டலத்துக்கா என்று பார்த்தாள். ஒரு சூப் பொட்டலத்தில் இரண்டு கிண்ணம் வரும் என்று போட்டிருந்தால் இரண்டால் பெருக்கினாள். நாள் முழுதுக்கும் மனக்கணக்காகவே கூட்டி வைத்திருந்தாள்: நாலு துண்டு ரொட்டி அறுநூறு, சூப் இரண்டு கிண்ணம் ஆயிரத்து அறுநூறு, டப்பா பீன்ஸ் தொள்ளாயிரம், மாலையில் பிஸ்கட் முன்னூறு. மொத்தம் மூவாயிரத்து நானூறு. ஐயாயிரத்துக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறதே என்று, ஆசைப்பட்ட மனுஷன்தானே என்று, முட்டையோடு தொட்டுக்கொள்ள ஐந்நூறு மில்லிகிராமுக்குத் தக்காளி சாஸும் ஊற்றிக் கொடுத்தாள். மூவாயிரத்துத் தொள்ளாயிரம். வீட்டு உப்பு ஒரு கல்கூட அவர் தட்டில் விழவில்லை.

லிஃப்ட்காரருக்குச் சந்தோஷம்தான். சூப்பை உறிஞ்சிவிட்டு, "இஞ்சு டேப்பு, திடீர்னு கையில ருசி வந்துருச்சு போல" என்றார். பொட்டலம் என்று அவளும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு மாலையில் மெதுவாக இறங்கி டீக்கடைக்குப் போவார். அங்கே பெயின்டர், பழைய பஸ் கண்டக்டர், இன்னும் இரண்டு மூன்று பேர். பெயின்டர்தான் நெருக்கம். இருவரும் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து பழக்கம். ஒருவர் சுவரின் வெளியே தொங்குவார், மற்றவர் உள்ளே தொங்குவார்.

சில வாரங்களில் எடை ஏறத் தொடங்கியது. காலையில் எடைக் கருவியில் அவர் ஏறி நிற்க, அவள் குனிந்து எண்ணைப் பார்ப்பாள். அரைக் கிலோ. பிறகு ஒரு கிலோ. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. டாக்டரிடம் காட்டியபோது நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, உப்பு விஷயத்தில் கவனமாக இருக்கிறீர்களா என்று கேட்டார். அவள் கணக்குப் பார்த்துக் கொடுப்பதாகச் சொன்னாள். டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. வெளியே இன்னும் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் யோசித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக் கணக்கில் ஓட்டை இல்லை. ஓட்டை வேறெங்கோ இருக்கிறது. அப்போது அவள் நினைவுக்கு வந்தது டீக்கடை. கண்ணாடி ஜாடிகளில் உப்புக் கடலையும் உப்பு பிஸ்கட்டும் வைத்திருக்கும் டீக்கடை.

முதல்முறை மெல்லத்தான் கேட்டாள். அங்கே ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றாள். சர்க்கரை போட்ட டீ மட்டும்தான் என்றார் அவர். இரண்டாம்முறை அவ்வளவு மெல்லக் கேட்கவில்லை. துவைக்கும்போது சட்டைப் பையை வெளியே இழுத்து, தையலோரத்தில் கடலைத் தோல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. இல்லாததே அவளுக்குச் சந்தேகத்தை வளர்த்தது. உதறிவிட்டு வருகிறார் என்று நினைத்தாள். மகளிடம் போனில் சொன்னாள். மகளும் அப்பாவைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் புத்தி சொன்னாள்.

எடை மறுபடி ஏறிய ஒரு மாலையில், கடையை அப்படியே போட்டுவிட்டு அவள் தெருமுனைக்கு நடந்தாள். லிஃப்ட்காரர் பெஞ்சில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெயின்டர் ஒரு காகிதப் பொட்டலத்திலிருந்து கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார். அவள் கணவரைப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அண்ணே, இவருக்கு இனிமே கடலை, பிஸ்கட் எதுவும் குடுக்காதீங்க. கேட்டாலும் குடுக்காதீங்க. வீட்டுல நான் பத்தியமாப் போடறேன், இங்க வந்து திருட்டுத்தனமாத் தின்னுட்டு வந்து உடம்பக் கெடுத்துக்கறாரு."

கண்டக்டர் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். பெயின்டர் மட்டும், லிஃப்ட் எதுவும் தொடுவதில்லையே என்று இழுத்தார். தன் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்துவிட்டு அவரும் நிறுத்திக்கொண்டார். லிஃப்ட்காரர் டீயை முழுதும் குடிக்காமல் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். படியேறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் நிற்க, இரண்டு படி கீழே அவளும் நின்றாள். வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு நிதானமான பிறகுதான் பேசினார்.

"நான் ஒண்ணும் திங்கல. நீ குடுக்கறத மட்டும்தான் திங்கறேன்."

"அப்ப எடை எப்படிங்க ஏறுது? காத்தைக் குடிச்சா?"

அவர் குனிந்து, வீங்கிய கணுக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் டீக்கடைக்குப் போகவில்லை. மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். பெயின்டர் ஒருமுறை வீடு தேடி வந்தபோது, தூங்குவதாகச் சொல்லச் சொன்னார். இஞ்சு டேப்பு என்று கூப்பிடுவதும் நின்றுபோயிற்று. ஏதாவது வேண்டுமென்றால் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அவர் வெளியே போகாததால் இனி எடை இறங்கிவிடும் என்று அவள் எதிர்பார்த்தாள். இறங்கவில்லை. அங்கேயாவது அவள் நின்று யோசித்திருக்கலாம். ஆனால் சந்தேகம் ஒருமுறை கண்ணில் விழுந்தால் எல்லாமே அதன் நிறத்தில்தான் தெரியும். தான் கடையில் இருக்கும் நேரத்தில் கீழ்வீட்டுப் பையனை அனுப்பி வாங்கி வரச் சொல்கிறாரோ என்று நினைத்தாள். அலமாரி மேல்தட்டைத் துழாவினாள். தலையணைக்கு அடியில் பார்த்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஒரு மதியம், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவர் உட்கார்ந்தபடியே இருந்தார். உதடு வெளுத்திருந்தது. ஆம்புலன்ஸ் ஆட்கள் அவரை நாற்காலியில் வைத்து மூன்று மாடியும் தூக்கி இறக்கினார்கள்.

வார்டில் டாக்டர் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். அவள் அதே பதிலைச் சொன்னாள். கூடவே, "வீட்டுல கரெக்டாத்தான் குடுக்கறேன் டாக்டர். வெளியில மறைச்சு எதையோ தின்னுடறாரு" என்றாள். முகமூடிக்குள் மூச்சிழுத்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரர், கட்டிலில் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரண்டு நாளில் ஊசி போட்டு நீரை வெளியேற்றியதும் மூச்சு சீரானது. இந்தமுறை உணவு ஆலோசகரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் இருக்கிற பொட்டலங்களைக் கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே செய்தி வந்தது. மகள் ஒரு துணிப்பையில் எல்லாவற்றையும் போட்டு எடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். டெய்லர் அக்கா பையோடு தனியாகக் கீழ்த்தளத்துக்குப் போனாள்.

ஆலோசகர் முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். மேஜைமேல் தட்டுகள், கிண்ணங்கள், அளவுக் கரண்டிகள், ஒரு சிறிய தராசு, உப்பு டப்பா. காலையிலிருந்து படுக்கும்வரை என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள். டெய்லர் அக்கா பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபடி, எண்களைத் தடுமாறாமல் ஒப்பித்தாள். மொத்தம் மூவாயிரத்துத் தொள்ளாயிரம், ஐயாயிரத்துக்கு எவ்வளவோ கீழே என்று முடித்தாள். இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை என்று அந்தப் பெண் பாராட்டுவாள் என்றுகூட எதிர்பார்த்தாள்.

ஆலோசகர் சூப் பொட்டலத்தைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"அம்மா, இது சோடியம். டாக்டர் உங்களுக்குச் சொன்ன அஞ்சு கிராம், உப்பு. ரெண்டும் ஒண்ணு இல்லம்மா."

டெய்லர் அக்காவுக்குப் புரியவில்லை. ஆலோசகர் நிதானமாகச் சொன்னாள். உப்பு என்பது சோடியமும் குளோரைடும் சேர்ந்த பொருள். எடையில் ஐந்தில் இரண்டு பங்குதான் சோடியம், மீதி குளோரைடு. ஒரு கிராம் உப்பில் சோடியம் ஏறக்குறைய நானூறு மில்லிகிராம்தான் இருக்கும். ஆகவே பொட்டலத்தில் சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்கினால்தான் அது எவ்வளவு உப்புக்குச் சமம் என்று தெரியும். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு சுமார் ஆறு கிராம். அதில் சோடியம் இரண்டாயிரத்து முன்னூறு மில்லிகிராம் போல இருக்கும். ஐந்து கிராம் உப்பு என்றால், பொட்டலக் கணக்கில் அது இரண்டாயிரம்தான், ஐயாயிரம் இல்லை. சில ஊர்ப் பொட்டலங்களில் உப்பு என்றே போட்டிருப்பார்கள், சிலவற்றில் சோடியம் என்று போடுவார்கள், எது என்று பார்க்காவிட்டால் யாருக்கும் தவறும் என்றாள். சூப்பில் சேர்க்கும் சுவையூட்டி, பிஸ்கட்டில் போடும் சோடா மாவு, இவற்றிலிருந்து வரும் சோடியமும் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது; நாக்குக்கு உப்புக் கரிக்காவிட்டாலும் உடம்பில் அதே நீரைத்தான் சேர்க்கும்.

"மூவாயிரத்துத் தொள்ளாயிரம்" என்று ஆலோசகர் கால்குலேட்டரை எடுப்பதற்குள் டெய்லர் அக்கா மனதிலேயே பெருக்கிவிட்டாள். ஒன்பதாயிரத்து எழுநூற்றைம்பது. பத்துக் கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

ஆலோசகர் இரண்டு தட்டுகளை இழுத்தாள். ஒன்றில் டீஸ்பூனை நிரப்பிக் கத்தியின் முதுகால் வழித்து, அதிலிருந்தும் கொஞ்சம் எடுத்துவிட்டுக் கொட்டினாள். அது டாக்டர் சொன்னது. இன்னொன்றில் முழு டீஸ்பூன் ஒன்று, அதற்குமேல் அரை, அதற்குமேல் ஒரு சிட்டிகை தாராளமாக. அது அவர் தினமும் சாப்பிட்டது. இரண்டு வெள்ளைக் குவியல்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எது எவ்வளவு பெரிது என்று சொல்ல டேப் தேவைப்படவில்லை.

முதலில் எப்படிச் சமைத்தீர்கள் என்று ஆலோசகர் கேட்டாள். அளந்த உப்பைப் போட்டு வீட்டிலேயே சமைத்ததையும், அவர் தட்டுக்கு எவ்வளவு போகிறது என்று தெரியாமல் பொட்டலத்துக்கு மாறியதையும் அவள் சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"அப்படியே விட்டிருக்கலாம்மா" என்றாள் ஆலோசகர். உடனே அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல, முதல்முறை வந்தபோதே எங்களில் யாராவது உங்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டாள். புது உணவு முறையை எழுதிக் கொடுத்தாள். டெய்லர் அக்கா தலையாட்டினாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவர் வெளியில எதுவுமே சாப்பிடலைன்னாலும் கால் இப்படி வீங்குமா?"

"இந்த அளவுக்குப் போனா வீங்கும்மா. வெளியில சாப்பிடணும்னு இல்ல."

மேலே போய் முதல் வேலையாக அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் லிஃப்டில் ஏறினாள். வார்டு வாசலுக்கு வந்தபோது மகளின் குரல் கேட்டது. கோபமாக இல்லை, கெஞ்சுவதுபோல் இருந்தது. நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் வெளியில் எதுவும் சாப்பிடமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா, அம்மா பயந்துபோயிருக்கிறாள் என்றாள். லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்தார்.

"சரிம்மா. இனிமே சாப்பிடல" என்றார்.

திரைக்கு அந்தப் பக்கம் நின்று டெய்லர் அக்கா அதைக் கேட்டாள். செய்யாததை அவர் ஒப்புக்கொண்டார். உள்ளே நுழைந்து, அவர் எதுவும் சாப்பிடவில்லை, எல்லாம் நான் கொடுத்ததுதான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவள் உள்ளே நுழைந்தாள். தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தாள். ஆலோசகர் பொட்டலச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். மகள் எதிரில் வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒரு சமாதானம் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும், கொஞ்சம் தேறட்டும் என்று தோன்றியது. தேறியதும், இப்போது எதற்கு அதைக் கிளற வேண்டும் என்று தோன்றியது. பழையபடி அளந்த உப்பில் சமைத்தாள். ரொட்டி வாங்கினால் இரண்டரையால் பெருக்கிப் பார்த்து, உப்பு குறைந்ததாகத் தேடி வாங்கினாள். எடை இறங்கியது. கணுக்கால் எலும்பு மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. சுற்றியிருந்தவர்கள், பார்த்தாயா, வாயைக் கட்டினதும் எப்படித் தேறிவிட்டார் என்றார்கள். அவள் இல்லை என்று சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த சீருடைக் காலம் வந்துவிட்டது. ஒரு காலை, எடைக் கருவியிலிருந்து இறங்கிய லிஃப்ட்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வெகுநேரம் யோசித்தவர்போல் கேட்டார்.

"ஏன்… எனக்கு ஞாபகம் தப்புதோ? டீக்கடையில நான் எதையாச்சும் தின்னுட்டு மறந்திருப்பேனா? நீயும் சொல்ற, புள்ளையும் சொல்லுது. உடம்பும் அப்படித்தான் காட்டுது. எனக்கு மட்டும் தின்ன ஞாபகமே இல்ல."

இத்தனை மாதமும் அவர் கோபத்தில்தான் பேசாமல் இருக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். தன் புத்தியையே அவர் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். சோடியம், உப்பு, இரண்டரை, ஆலோசகர் வைத்த இரண்டு குவியல் எல்லாவற்றையும் சொன்னாள். வார்டு வாசலில் நின்று கேட்டதையும் சொன்னாள். முடித்ததும் கணக்கை மட்டும் இன்னொருமுறை கேட்டார். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தை இரண்டரையால் தானும் பெருக்கிப் பார்த்தார். பாரத்தைச் சரியாகக் கணக்கிடாவிட்டால் கம்பி அறுந்துவிடும் என்கிற வேலையில் இருந்தவர் அவர்.

"அப்ப நான் திங்கல."

"இல்லீங்க. ஒரு நாளும் திங்கல."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார்: "அத டீக்கடையில போய்ச் சொல்லிடு."

திட்டவில்லை. போனால் போகிறது என்றும் சொல்லவில்லை. அன்று மாலையே அவள் தெருமுனைக்குப் போனாள். பெஞ்சில் அவளுக்குத் தெரியாத இரண்டு பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரரிடம் அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் பாலை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "அதயெல்லாம் யாரும்மா மனசுல வச்சிருக்கா" என்றார். கண்டக்டர் எப்போதாவதுதான் வருகிறாராம். பெயின்டர் வீட்டைக் காலிசெய்துவிட்டு வேறு ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் ஆகிறதாம். போவதற்குமுன் லிஃப்டைப் பார்க்க வேண்டும் என்று கீழே வரை வந்து, எப்படியும் தூங்குவதாகத்தான் சொல்வார்கள் என்று திரும்பிவிட்டாராம். போன் நம்பர் எதுவும் கடைக்காரரிடம் இல்லை.

அவள் எல்லாவற்றையும் ஒளிக்காமல் வந்து சொன்னாள். லிஃப்ட்காரர் "ஓ" என்றார். அன்றிரவு அவள் மகளிடமும் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். அதற்குப் பிறகு சில மாலைகள் அவர் டீக்கடைக்கு இறங்கிப் போனது உண்டு. தெரிந்த முகம் இல்லாத பெஞ்சில் ஒரு டீ குடித்துவிட்டு ஏறி வருவார். மருத்துவமனையில் படுத்து எழுந்த பிறகு படிகள் அவருக்கு முன்னைவிடக் கடினமாகிவிட்டன. கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டார். அவளோடு பேசினார், சாப்பாட்டைப் பற்றிக் கேலிகூடச் செய்தார். ஆனால் பழைய பெயரைச் சொல்லி அவர் கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள் என்று மகளிடம் சொன்னாள். அது பொய் என்று மகளுக்குத் தெரியும்.

அதற்கடுத்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு காலை, தூக்கத்திலேயே அவர் போய்விட்டார். இதயம் தொடக்கத்திலேயே மிகவும் பலவீனமாக இருந்தது, இவ்வளவு நாள் ஓடியதே பெரிது, அந்தச் சில மாத உப்பைக் காரணம் சொல்ல முடியாது என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

சில வாரம் கழித்துக் கடையைத் திறந்தபோது மகளும் கூட வந்து உட்கார்ந்திருந்தாள். தெரியாமல் செய்ததுதானே, எதற்கு உன்னையே அரித்துக்கொள்கிறாய் என்று மகள் கேட்டாள். டெய்லர் அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். இரண்டுமுறை தவறியது.

"உப்பு தெரியாமக் குடுத்தது. அதுக்கு நான் அழல. அத்தனை பேர் எதிர்ல திருடன்னு சொன்னேனே, அது தெரியாமலா சொன்னேன்?"

போனில் அப்பாவுக்குத் தான் சொன்ன புத்திமதியும், வார்டில் அவரிடம் வாங்கிய அந்த ஒரு வார்த்தையும் மகளுக்குள்ளும் உறுத்திக்கொண்டிருந்தன. அம்மாவின் கையிலிருந்து ஊசியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து நூலைக் கோத்துக் கொடுத்தாள். ஒரு பையன் பேண்டோடு வந்து நின்றான்; கால் நீளம் குறைந்துவிட்டதாம். டெய்லர் அக்கா எழுந்து டேப்பை எடுத்தாள்.